பத்தடிக்கு மூணு இன்ச்

தங்கை வீட்டுக் கொல்லையில் புதிதாகக் கட்டிய கழிவறை ஐந்து மாதம் ஒழுங்காக ஓடியது. ஆறாவது மாதம் தண்ணீர் இறங்கத் தயங்க ஆரம்பித்தது. குச்சி விட்டுக் குத்திப் பார்த்தார்கள், ஆசிட் ஊற்றினார்கள், அடைப்பெடுக்கும் ஆளைக் கூப்பிட்டார்கள். ஒவ்வொரு முறையும் ஒரு வாரம் சரியாக இருக்கும், பிறகு பழையபடிதான். நான் போன அன்று நடுவில் இருந்த சேம்பர் மூடியைத் திறந்து பார்த்தோம். அடியில் குழாய் வாயை முக்கால்வாசி மறைத்துத் தண்ணீர் அசையாமல் நின்றது. வீட்டில் யாரும் இரண்டு மணி நேரமாகக் குழாய் திறக்கவில்லை. அடைப்பு என்றால் எடுத்ததும் வடிந்திருக்க வேண்டும். எடுத்த பிறகும் நிற்கிறது என்றால் அந்த இடம் பள்ளம். குழாய் அங்கே போனதும் மறுபடி மேலே ஏறுகிறது.

மேஸ்திரியை வரவழைத்தோம். அவர் அனுபவசாலி, வேலையில் ஏமாற்றுகிறவர் இல்லை. "பத்தடிக்கு மூணு இன்ச் வாட்டம் குடுத்துதான் போட்டேன் சார். எழுபது அடிக்கு இருபத்தோரு இன்ச். கொல்லையில பதினஞ்சு இன்ச் ஆழத்துல ஆரம்பிச்சேன், கேட்டுக்கிட்ட முப்பத்தாறு இன்ச்ல முடிச்சேன். வேணும்னா தோண்டி அளந்து பாருங்க" என்றார். தோண்டி அளந்தோம். கொல்லையில் 15, கேட்டருகே 36. அவர் சொன்னது அப்படியே இருந்தது. கணக்கும் சரிதான். ஆனால் தண்ணீர் நிற்கிறது.

அந்தக் கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். வரைபடத்தில் 1:40 என்று எழுதியிருந்தால், 40 பங்கு நீளம் போகும்போது குழாய் 1 பங்கு இறங்க வேண்டும் என்று அர்த்தம். பத்தடி என்பது 120 இன்ச். அதை 40-ஆல் வகுத்தால் 3 இன்ச். மேஸ்திரிகள் வாயில் புழங்கும் 'பத்தடிக்கு மூணு இன்ச்' இதுதான். எழுபது அடி 840 இன்ச், வகுத்தால் 21. மீட்டரில் போடுகிறவர்களுக்கு மீட்டருக்கு 25 மில்லிமீட்டர். சாய்ந்து போகும் குழாயின் நீளமும் தரையில் அளக்கும் நீளமும் ஒன்றல்லவே என்று ஒருவர் கேட்கலாம். இந்த எழுபது அடியில் இரண்டுக்கும் வித்தியாசம் கால் இன்ச்தான். அதை மறந்துவிடலாம்.

ஆழத்தைக் குழாயின் முதுகிலிருந்து அளக்கக் கூடாது என்பதையும் இங்கேயே சொல்ல வேண்டும். தண்ணீர் ஓடுவது குழாயின் உள் அடியில். பொறியாளர்கள் அதை இன்வர்ட் என்பார்கள். இந்தக் கட்டுரையில் வரும் எல்லா ஆழமும் அந்த உள் அடி வரைக்கும்தான். பள்ளம் வெட்டும்போது குழாயின் கனத்துக்கும் அடியில் போடும் மணலுக்குமாகக் கூட மூன்று, நான்கு இன்ச் வெட்ட வேண்டியிருக்கும்.

சரி, கணக்கு சரியாக இருந்தும் தண்ணீர் ஏன் நின்றது? மேஸ்திரி எதிலிருந்து அளந்தார் என்பதில்தான் விஷயம் இருந்தது. அவர் ஒவ்வொரு இடத்திலும் அந்தந்த இடத்துத் தரையிலிருந்து கீழே அளந்திருந்தார். தரை முழுக்க ஒரே மட்டமாக இருந்தால் அதில் பிழையே இல்லை. தங்கை வீட்டு முற்றம் பார்வைக்கு மட்டமாகத்தான் இருக்கும். ஆனால் தெருவில் ரோடு மேல் ரோடு போட்டு உயர்ந்துகொண்டே வந்ததால், கேட்டை ஒட்டிய கடைசி இருபது அடிக்கு மண் கொட்டி ரோட்டு மட்டத்துக்கு ஏற்றியிருந்தார்கள். அந்த ஏற்றம் எவ்வளவு என்று யாரும் அளக்கவில்லை.

டியூப் லெவல் எடுத்து வரச் சொன்னேன். கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பி இரண்டு முனையையும் தூக்கிப் பிடித்தால், எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். உள்ளே காற்றுக் குமிழி ஒன்றுகூட இருக்கக் கூடாது, அது ஒன்றுதான் கவனம். கொல்லைச் சேம்பருக்குப் பக்கத்துக் காம்பவுண்டுச் சுவரில் தரையிலிருந்து சரியாக 36 இன்ச் உயரத்தில் பென்சிலால் கோடு போட்டோம். அந்த மட்டத்தை டியூப் லெவலால் சுவர் நெடுக நகர்த்திக்கொண்டே போய், பத்தடிக்கு ஒரு கோடு வைத்தோம். ஐம்பது அடி வரைக்கும் கோட்டுக்கும் தரைக்கும் 36 இன்ச் இருந்தது. கேட்டருகே போனபோது டேப்பில் 27 வந்தது. மேஸ்திரி டேப்பை என்னிடமிருந்து வாங்கி, தானே குனிந்து மறுபடி அளந்தார். 27-தான். தரை அங்கே 9 இன்ச் உயர்ந்திருக்கிறது.

இப்போது அவர் போட்ட குழாயைத் தரையை விட்டுவிட்டுச் சுவர்க் கோட்டிலிருந்து பார்ப்போம். முதல் ஐம்பது அடியில் குழாய் 15 இன்ச் இறங்கியது. குறையே இல்லாத வாட்டம். கடைசி இருபது அடியில் தரையிலிருந்து 6 இன்ச் கூடுதலாக இறக்கினார், ஆனால் தரையோ 9 இன்ச் ஏறியது. ஆக அந்த இருபது அடியில் குழாய் 3 இன்ச் மேல்நோக்கிப் போகிறது. அந்த 3 இன்ச்தான் சேம்பரில் நின்ற தண்ணீர். நாலு இன்ச் குழாயில் மூன்று இன்ச் தேக்கம். கேட்டுப் பக்கம் இருபது அடி, கொல்லைப் பக்கம் பத்தடி, மொத்தம் முப்பது அடி நீளத்துக்கு எப்போதும் கழிவு தேங்கிக் கிடந்திருக்கிறது. மெல்லிய கசடு ஒவ்வொரு நாளும் அங்கே படிந்து படிந்து ஆறாவது மாதம் வாயை அடைத்தது. குற்றம் ஆசிட்டாலோ குச்சியாலோ தீரக்கூடியது இல்லை.

அப்படியானால் கடைசி முனையில் ஆழம் எவ்வளவு இருந்திருக்க வேண்டும்? ஆரம்ப ஆழம், அதோடு மொத்த இறக்கம், அதோடு தரை ஏறியிருந்தால் ஏறிய அளவு. தரை இறங்கியிருந்தால் அந்த அளவைக் கழிக்க வேண்டும். இங்கே 15-ம் 21-ம் 9-ம் சேர்ந்து 45 இன்ச். மேஸ்திரி உடனே, "அப்ப கேட்டுக்கிட்ட இன்னும் ஒம்பது இன்ச் இறக்கிடலாம் சார், கடைசி இருபது அடிய மட்டும் பிரிச்சாப் போதும்" என்றார்.

அங்கேதான் அடுத்த சிக்கல். தெருப் பாதாளச் சாக்கடையிலிருந்து வீட்டுக்கென்று விட்டிருந்த இணைப்பு, ரோட்டு மட்டத்திலிருந்து 42 இன்ச் ஆழத்தில் இருந்தது. 45-ல் போய் நிற்கும் குழாய் 42-ல் இருக்கும் வாயில் எப்படிக் கொட்டும்? நம் விருப்பத்துக்கு இறக்கிக்கொண்டே போக முடியாது. போய்ச் சேரும் இடத்தின் ஆழம் நம் கையில் இல்லை. அதனால் வீட்டு வேலையில் இந்தக் கணக்கை முன்னாலிருந்து போடுவதைவிடப் பின்னாலிருந்து போடுவதுதான் முறை என்பது என் அபிப்பிராயம். அஸ்திவாரம் எடுப்பதற்கு முன்பே தெரு மூடியைத் திறக்கச் சொல்லி அளந்து வைத்திருந்தால் இந்த ஐந்து மாதக் கஷ்டமே இல்லை.

பின்னாலிருந்து போட்டோம். கேட்டருகே தரையிலிருந்து 42. அந்தத் தரை 9 இன்ச் உயரம் என்பதால், கொல்லைத் தரையோடு ஒப்பிட்டால் 33. ஆரம்பம் 15. ஆக நமக்குக் கிடைக்கும் இறக்கம் 18 இன்ச்தான். நடுச் சேம்பரில் உள்ளே வரும் குழாய்க்கும் வெளியே போகும் குழாய்க்கும் நடுவே அரை இன்ச் இறக்கம் வைத்தோம். மீதி 17½ இன்ச். 840-ஐ 17½-ஆல் வகுத்தால் 48. 1:48. அடிக்கு கால் இன்ச், பத்தடிக்கு இரண்டரை.

இது போதுமா? நாலு இன்ச் குழாய்க்கு 1:40 என்பது பழைய மாகுவையர் விதி. குழாயின் விட்டத்தை இன்ச்சில் எடுத்துப் பத்தால் பெருக்கினால் வாட்டம் வந்துவிடும். ஆறு இன்ச் குழாய்க்கு 1:60. நம் நாட்டு விதிகள் வேறு வழியாகப் போகின்றன. கழிவு வினாடிக்கு 0.75 மீட்டர் வேகத்திலாவது ஓடினால்தான் குழாய் தன்னைத் தானே கழுவிக்கொள்ளும் என்று வைத்து, நாலு இன்ச் குழாய்க்குக் குறைந்தது ஏறக்குறைய 1:57 கேட்கின்றன. 48 அதற்குள் அடங்குகிறது. ஆனால் மேஸ்திரி சொன்ன மாதிரி முதல் ஐம்பது அடியை அப்படியே விட்டுக் கடைசி இருபது அடியை மட்டும் மாற்றினால்? நடுச் சேம்பரில் ஏற்கெனவே 30 இன்ச் இறங்கிவிட்டது. 33-க்கு மீதி 3 இன்ச்தான், இருபது அடிக்கு. அது 1:80. தேக்கம் போகும், படிவது போகாது. முதல் ஐம்பது அடியில் தாராளமாக இறக்கிவிட்டதால் கடைசிக்கு ஆழம் மிச்சமில்லை. வாட்டம் அதிகமானால் தண்ணீர் முந்திக்கொண்டு போய்க் கெட்டி பின்தங்கும் என்று பலர் சொல்வார்கள். வீட்டுக் குழாயில் அதைவிடக் கண்கூடான நஷ்டம் இப்படி ஆழத்தை வீணாக்குவதுதான்.

கடைசிப் பகுதிக்கு ஆறு இன்ச் குழாய் போட்டால் வாட்டம் குறைவாக இருந்தாலும் ஓடாதா என்று தங்கையின் கணவர் கேட்டார். பலரும் கேட்பதுதான். ஒரு வீட்டிலிருந்து வரும் தண்ணீர் அளவு மாறப்போவதில்லை. அகலமான குழாயில் அதே தண்ணீர் பரவி, மெல்லிசாகி, இழுத்துப் போகும் பலம் குறையும். ஆறு இன்ச் குழாய்க்குச் சொன்ன வாட்டம் அது போதிய அளவு நிறைந்து ஓடும் கணக்கில் சொன்னது.

ஆக எழுபது அடியும் பிரித்தோம். இந்த முறை தரையை யாரும் பார்க்கவில்லை. சுவர்க் கோட்டிலிருந்துதான் எல்லா அளவும். கொல்லையில் கோட்டிலிருந்து 51 இன்ச், பத்தாவது அடியில் 53½, இருபதில் 56, ஐம்பதாவது அடிச் சேம்பரில் வருவது 63½, போவது 64, கேட்டருகே 69. அங்கே தரை கோட்டிலிருந்து 27 கீழே இருப்பதால் 69-ல் 27 போக 42, இணைப்பின் வாய். தெரு முனையிலிருந்து மேல்நோக்கிக் குழாய் போட்டு வந்தோம், ஒவ்வொரு சாக்கெட்டின் வாயும் தண்ணீர் வரும் பக்கம் பார்க்கும்படி. சாக்கெட் தடிமனாக இருப்பதால் அதற்குக் கீழே மட்டும் மணலைக் கையால் குடைந்துவிட்டார் மேஸ்திரி. இல்லாவிட்டால் குழாய் இரண்டு சாக்கெட்டின் மேல் தொங்கி நடுவில் தொய்ந்துவிடும். ஐந்தடி அலுமினியப் பட்டையின் தாழ்ந்த முனைக்கு அடியில் ஒன்றேகால் இன்ச் மரக்கட்டையை ஆணியடித்து, குழாயின் முதுகில் வைத்து மேலே ரசமட்டம் வைத்தார். குமிழி நடுவில் நின்றால் அந்த ஐந்தடிக்கு வாட்டம் சரி.

மண் மூடுவதற்கு முன் நடுச் சேம்பரில் நின்றுகொண்டு கொல்லைப் பக்கக் குழாய்க்குள் பார்த்தேன். மறுமுனையில் மேஸ்திரி டார்ச் பிடித்தார். முழு வட்டமாக வெளிச்சம் தெரிந்தது. குழாய் எங்காவது தொய்ந்திருந்தால் அந்த வட்டம் பிறை மாதிரி வெட்டுப்பட்டுத் தெரியும். பிறகு தங்கை ஒரு வாளித் தண்ணீரைக் கொல்லையில் கொட்டினாள். சேம்பரின் அடியில் அது ஓடி, மெலிந்து, நூலாகி நின்றது. கீழே சிமெண்டு ஈரமாக இருந்தது, தண்ணீர் இல்லை. மேஸ்திரி சேம்பர் மூடியின் உட்புறத்தில் பெயிண்டால் 28 என்று எழுதினார். அடுத்து யார் திறந்தாலும் அங்கே எவ்வளவு ஆழம் என்று அளக்காமலே தெரியும்.