‘நான் நேர்ல பார்த்தேன்’னு ஏஐ கதை விட்டா... எப்படிக் கண்டுபிடிக்கிறது?

மாத்தூர் அப்பார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்ல இப்படி ஒரு பதிவு வருதுன்னு வைங்க: “அந்தப் புயலுக்கு மறுநாள் எண்ணூர் கடற்கரையில் நின்றேன். எண்ணெய் நெடி மூக்கைத் துளைத்தது. செத்து மிதந்த மீன்களைப் பார்த்துக் கண்கள் கலங்கின. வாழ்வாதாரத்தை இழந்து நிற்கிறோம்.” கீழே பணம் அனுப்ப ஒரு கியூஆர் கோடு.

படிச்சதும் மனசு இளகும். ஆனா, ஊர்ப் பெயரை மாத்திப் பாருங்க. உலகத்துல எந்தக் கடற்கரையைப் போட்டாலும் இந்த வரிகள் பொருந்தும். ஏன்னா, ஏஐக்கு நேர்ல பார்த்த ஞாபகம்னு ஒண்ணு கிடையாது. எந்த வார்த்தைக்குப் பின்னாடி எந்த வார்த்தை வர வாய்ப்பு அதிகம்னு கணிச்சுதான் அது எழுதுது. ‘எண்ணெய்க் கசிவு’ன்னா நெடி, செத்த மீன், கண்ணீர்னு எல்லாரும் எதிர்பார்க்கிறதே முதல்ல வந்து விழும்.

நிஜத்துல நடந்தது வேற மாதிரி. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளத்துல, மணலி தொழிற்சாலைப் பகுதியில இருந்து வெளியேறின எண்ணெய் பக்கிங்ஹாம் கால்வாய் வழியா எண்ணூர் முகத்துவாரத்துக்குப் போச்சு. அதாவது, அது கடல்ல இருந்து வரல. கால்வாய்த் தண்ணியோட வீடுகளுக்குள்ள வந்துச்சு. தண்ணி வடிஞ்சதும் சுவர்ல கறுப்புக் கோடு நின்னுச்சு. படகும் வலையும் பிசுபிசுன்னு ஆச்சு. மீனவர்கள் பக்கெட்டும் மக்கும் வெச்சு எண்ணெயை அள்ளினாங்க.

அதனால “எப்படி இருந்துச்சு?”ன்னு கேட்காதீங்க. அதுக்கு உணர்ச்சிதான் பதிலா வரும். “தண்ணி எந்தப் பக்கமா வந்துச்சு? எத்தனையாவது படி வரைக்கும் ஏறுச்சு? சுவரை எதைப் போட்டுத் தேய்ச்சீங்க? எதெல்லாம் தூக்கிப் போட வேண்டியதாச்சு?”ன்னு கேளுங்க. அங்க இருந்தவங்களுக்கு நெடியைவிட, அதுக்கப்புறம் பார்த்த வேலைதான் ஞாபகத்துல நிக்கும்.

ஒரு எச்சரிக்கை. இந்தக் கேள்விகளை அப்படியே ஏஐகிட்ட கொடுத்தா, “மூணாவது படி”ன்னு அதுவும் கூச்சமில்லாம சொல்லும். நுணுக்கமா இருக்குங்கிறதுக்காக அது நிஜமாயிடாது, சரிபார்க்க முடியணும். எந்தத் தெரு, பக்கத்துல என்ன இருக்குன்னு கேட்டு, அந்தப் பக்கம் தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட விசாரிங்க. எல்லாக் கேள்விக்கும் தடையில்லாம பதில் வந்தா கொஞ்சம் யோசிங்க. “அது தெரியாதுங்க, அப்போ நான் மொட்டை மாடியில இருந்தேன்”னு சொல்றவர் நிஜமா அங்க இருந்திருக்க வாய்ப்பு அதிகம். தான் நின்ன இடத்துல இருந்து தெரிஞ்சதைத்தானே மனுஷன் சொல்ல முடியும்!

எழுத வராத ஒருத்தர் தன்னோட நிஜக் கஷ்டத்தையே ஏஐகிட்ட கொடுத்து எழுதி வாங்கியிருக்கலாம். அதனால நடையை மட்டும் பார்த்து ‘ஃபேக்’னு குரூப்ல போட்டுடாதீங்க. போன் பண்ணிப் பேசுங்க. அதுவரைக்கும் கியூஆர் கோடை ஸ்கேன் பண்ண வேணாம்.