இல்லாத சரக்கும் சொல்லத்தக்க தேதியும்

பசறைப் பகுதியில் தேயிலைச் சிறுதோட்டக்காரருக்குப் பசளை விற்கும் கடைக்காரர் ஒருவர், பதுளையிலுள்ள மொத்த வியாபாரியிடம் 40 மூட்டை யூரியாவுக்குக் கட்டளை அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். களஞ்சியத்திலோ 12 மூட்டைகளே எஞ்சியுள்ளன. இந்நிலையில் மொத்த வியாபாரிகள் பலரும் கூறும் மறுமொழி, "நாளை மறுநாள் வந்துவிடும், முதலாளி" என்பதே. கேட்பதற்கு இனிய இச்சொல்லே பெருங்கேடு விளைவிப்பது.

காரணம், ஊவாவின் மழையில் இருக்கின்றது. ஆடி, ஆவணி மாதங்களில் இங்கு வறண்ட காற்று வீசும். ஐப்பசியில் மழை பிடிக்கும். காய்ந்த மண்ணின்மேல் இட்ட யூரியாவில் ஒரு பகுதி அமோனியா வாயுவாகிக் காற்றோடு போய்விடும். அடைமழையில் இட்டதோ சரிவோடு கழுவுண்டு போகும். ஆகவே, மண் நனைந்தும் பெருமழை தொடங்காதும் இருக்கும் சில வாரங்களே பசளைக்கு ஏற்றவை. பொய்த் தேதியை நம்பி அவ்வாரங்களை இழந்தவர், வேறு கடையை நாடும் வாய்ப்பையும் சேர்த்து இழக்கிறார்.

எனவே, மொத்த வியாபாரி முதலிற் கூறவேண்டியது கணக்கு: "40 கேட்டீர்கள்; 12 உண்டு; 28 இல்லை. இருப்பதை இன்றே ஏற்றி அனுப்பட்டுமா?" குறை எவ்வளவு என்பது தெரிந்த பின்னரே மாற்றுப்பொருளைப் பற்றிப் பேசலாம்.

மாற்றை மூட்டைக்கு மூட்டை என்று கொடுத்தல் தவறு. யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு நைதரசன் உண்டு. அமோனியம் சல்பேற்றில் ஏறத்தாழ 21 பங்கே உண்டு. மூட்டை ஒன்று 50 கிலோகிராம் ஆகையால், குறைந்த 28 மூட்டைகளின் நிறை 1400 கிலோகிராம். அதிலுள்ள நைதரசன் 644 கிலோகிராம். அதே அளவு நைதரசனை அமோனியம் சல்பேற்றாற் பெற 62 மூட்டைகள் வேண்டும். இரண்டு தொன் ஏற்ற வந்த லொறி இப்பொழுது 3.7 தொன் ஏற்றவேண்டும். மலைச்சரிவில் மூட்டை சுமப்போரின் கூலியும் அதற்கேற்ப உயரும். யூரியா மூட்டை 100 ரூபா எனின், சல்பேற்று மூட்டை 46 ரூபாவுக்கு மேற்படுமாயின், ஏற்றுக்கூலியைச் சேர்க்குமுன்னரே வாங்குபவருக்கு நட்டம். இன்னொன்றையும் மறைக்கலாகாது: அமோனியம் சல்பேற்று மண்ணின் அமிலத்தன்மையை யூரியாவைவிட மிகுதியாகக் கூட்டும். தேயிலை அமில மண்ணை விரும்பும் பயிரே. எனினும், மண்ணின் பீ.எச். அளவு 4.5க்குக் கீழே இறங்கிய நிலத்தில் இதையே தொடர்ந்து இடுதல் கூடாது. அத்தகைய நிலத்துக்கு டொலமைற்று இட்டுத் திருத்தம் செய்யவேண்டும்.

கூட்டெருவை மாற்றாகக் கொடுக்கலாமே என்று சிலர் எண்ணக்கூடும். நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு நைதரசனுள்ள கூட்டெருவாயின், அந்த 644 கிலோகிராமுக்கு ஏறத்தாழ 43 தொன் தேவைப்படும். மண்ணை வளப்படுத்தக் கூட்டெரு நன்று. 28 மூட்டை யூரியாவுக்கு ஈடாக அது லொறியில் ஏறாது. 2021ஆம் ஆண்டு மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியை அரசாங்கம் தடைசெய்தபொழுது, மலைநாடு இந்தக் கணக்கைப் பட்டறிந்தது.

அத்தடை அதே ஆண்டு நவம்பரில் நீக்கப்பட்டது. இடைப்பட்ட மாதங்களில் வியாபாரி எவராலும் தேதி கூற இயலவில்லை. சட்டம் தடுத்திருக்கும் பொருளுக்குத் தேதி கிடையாது. அதற்கு முற்பணம் பெறுதலும் முறையன்று. கொழும்புக்கு அனுப்பிய கட்டளை உறுதிப்படாதிருக்குமாயின், அப்பொழுதும் தேதி இல்லை. அடுத்த செய்தி எந்நாளில் வரும் என்று மட்டுமே கூறலாம். சரக்குக் கொழும்புக் களஞ்சியத்தில் இறங்கி மூட்டையாகிவிட்டதாயின், அப்பொழுதே தேதி உண்டு. அதனோடும், மண்சரிவால் மலைப்பாதை அடைபடக்கூடிய நாட்களுக்கென இரண்டு மூன்று நாட்களைச் சேர்த்தே கூறவேண்டும்.

பசறைக் கடைக்காரருக்குச் செல்லும் மறுமொழி இவ்வாறு அமையலாம்: "அன்புடையீர், 12 மூட்டை யூரியா இன்று அனுப்பப்படுகிறது. எஞ்சிய 28 மூட்டைகள் கொழும்பில் உள்ளன. ஒக்டோபர் 12ஆந் தேதிக்குள் உங்கள் கடைக்கு வரும். அன்று வராவிடில் கட்டளையை நீக்கிக்கொள்ளலாம். முற்பணம் முழுவதும் திருப்பித் தரப்படும். அதற்குமுன் தேவையெனின் அமோனியம் சல்பேற்று 62 மூட்டைகள் உண்டு. விலையும் ஏற்றுக்கூலியும் கீழே எழுதப்பட்டுள்ளன. உங்கள் விருப்பத்தை வெள்ளிக்கிழமைக்குள் அறிவியுங்கள். அதுவரை அம்மூட்டைகள் வேறெவருக்கும் விற்கப்படமாட்டா."

இம்மறுமொழியைப் பெற்ற கடைக்காரர், தம்மிடம் வரும் சிறுதோட்டக்காரரிடம் அதே கணக்கை அப்படியே சொல்லலாம். மழைக்குமுன் சல்பேற்றை வாங்குவதா, 12ஆந் தேதிவரை காத்திருப்பதா என்பதை நிலத்துக்குரியவரே தீர்மானித்துக்கொள்வார்.