பள்ளியின் பெயரைப் பிள்ளை படிக்க வேண்டும்

சிட்னியின் மேற்குப் புறநகர் ஒன்றில் பெற்றோர்கள் சேர்ந்து நடத்தும் எங்கள் தமிழ்ப் பள்ளிக்குச் சொந்தமாக ஒரு சுவர்கூடக் கிடையாது. சனிக்கிழமை காலையில் ஓர் அரசுப் பள்ளியின் வகுப்பறைகள் மூன்று மணி நேரம் எங்களுக்குக் கிடைக்கும். மணி முடிந்ததும் கரும்பலகையைத் துடைத்துவிட்டுக் கிளம்ப வேண்டும். வாசலில் நிறுத்தும் பதாகை, பிள்ளைகளின் டி-ஷர்ட், பயிற்சித்தாளின் தலைப்பு, வாட்ஸ்அப் குழுவின் வட்டப் படம் ஆகியவற்றை வைத்துத்தான் அங்கே ஒரு பள்ளி இருப்பது ஊருக்குத் தெரியும். அந்த அடையாளத்தைத்தான் வணிக உலகில் பிராண்ட் என்கிறார்கள்.

எங்கள் பழைய சின்னத்தில் மஞ்சள் கோபுரமும் அதன்மேல் சிவப்பு ‘ழ’வும் இருந்தன. நகலெடுக்கும் இயந்திரத்தில் வைத்தால் மஞ்சள் மறைந்து ‘ழ’ மட்டும் அந்தரத்தில் நிற்கும். கோபுரம் என்றால் கிறிஸ்தவ, இசுலாமியப் பிள்ளைகள் எங்கே நிற்பார்கள் என்ற கேள்வியும் இருந்தது. நிறத்தைப் பற்றிப் பேசியபோது யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் சொன்னார்: “கறுப்பு சிவப்பெண்டா உங்களுக்குக் கட்சிக் கொடி. சிவப்பு மஞ்சளெண்டா எங்களுக்கு வேறை ஞாபகம். ரெண்டும் வேண்டாம், பிள்ளையள் வரட்டும்.” அன்றே கருநீலத்துக்கு மாறினோம். கோபுரத்தை எடுத்துவிட்டு, பெயரையே சின்னமாக்குவது என்றும் முடிவானது.

உண்மையான வேலை அதற்குப் பிறகுதான் தொடங்கியது. நண்பர் ஒருவர் நவீனமான, வளைவுகள் குறைந்த எழுத்துருவில் ‘வார இறுதித் தமிழ்ப் பள்ளி’ என்று அமைத்துத் தந்தார். எங்களுக்கு அழகாகத்தான் தெரிந்தது. ஆறு வயது மகளிடம் காட்டினேன். ‘வா’ வரைக்கும் படித்தாள். “அப்புறம் ஏன் இன்னொரு கால்?” என்று கேட்டாள். அந்த எழுத்துருவில் ‘ர’வின் அடியில் வரும் சாய்ந்த கீற்று இல்லை. அது போய்விட்டால் ‘ர’வுக்கும் துணைக்காலுக்கும் வேறுபாடு தெரியாது. பழகிய கண் சொல்லின் பொருளை வைத்து ஊகித்துப் படித்துவிடும். எழுத்துக் கூட்டிப் படிக்கும் குழந்தைக்கு அந்த வசதி இல்லை.

தடித்த எழுத்துக்களில் சிக்கல் வேறு. ‘ண’வில் மூன்று சுழி, ‘ன’வில் இரண்டு என்று வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறோம். கோடு தடித்தால் சிறிய அளவில் சுழிகள் அடைத்துக்கொண்டு இரண்டும் ஒரே கறையாகிவிடும். அதனால் ஒரு சோதனை வைத்தோம். ர, ண, ன, ற, ழ ஆகிய ஐந்தையும் வாட்ஸ்அப் வட்டத்தின் அளவுக்குச் சிறிதாக அச்சிட்டு, முதல் வகுப்புப் பிள்ளைகளைப் படிக்கச் சொன்னோம். தடுமாறாமல் படிக்க முடிந்த எழுத்துருவைத் தேர்ந்தெடுத்தோம். ‘Noto Sans Tamil’, ‘Mukta Malar’ போன்று திறந்த உரிமத்தில் இலவசமாகக் கிடைக்கும் எழுத்துருக்கள் பல இருப்பதால், இதற்குப் பணம் தேவைப்படவில்லை.

ஒற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். ‘தமிழ் பள்ளி’ என்று ‘ப்’ இல்லாமல் அச்சிட்டால், அந்தப் பதாகைக்குப் பின்னால் நின்றுகொண்டு வல்லினம் மிகும் இடங்களைச் சொல்லிக்கொடுக்க ஆசிரியருக்கு வாய் வராது.

அச்சகத்தில் வேறு ஆபத்து காத்திருந்தது. முதல் பொங்கல் பதாகையில் ‘பொ’வின் கொம்பு ‘ப’வுக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் ஒட்டிக்கொண்டது. அச்சகத்தாருக்குத் தமிழ் தெரியாது, பிழை அவர் கண்ணில் படாது. வடிவமைப்பு மென்பொருள்கள் சிலவற்றில் இந்திய மொழிகளுக்கான வசதியைத் தனியாக இயக்கினால்தான் கொம்பு சரியான இடத்துக்கு வரும். எழுத்துகளுக்கு நடுவே இடைவெளி கூட்டினாலும் கொம்பும் காலும் மெய்யை விட்டு விலகும். இப்போது சொற்களை எழுத்தாக அனுப்புவதே இல்லை. வரைகோடுகளாக மாற்றி பிடிஎஃப் ஆக்கி, கூடவே சரியான வடிவத்தின் படம் ஒன்றையும் அனுப்புகிறோம். அச்சிடும் முன் மாதிரியைக் கேட்டு வாங்கி, தமிழ் படிக்கத் தெரிந்த இருவர் பார்க்கிறோம்.

ஆங்கில வரியில் Thamizh என்பதா, Thamil என்பதா என்று இரண்டு கூட்டங்கள் விவாதித்தோம். இடம் தேடும் புதிய குடும்பம் கைப்பேசியில் தட்டுவது Tamil School என்றுதான். அதையே எழுதி, பக்கத்தில் புறநகரின் பெயரையும் சேர்த்தோம்.

பழைய சின்னத்தின் மூலக்கோப்பு, அதை வரைந்தவரின் மடிக்கணினியோடு மெல்போர்ன் போய்விட்டது. வாட்ஸ்அப்பில் வந்த சிறிய படத்தைப் பெரிதாக்கி அச்சிட்டு, மங்கிய பதாகையோடு ஓராண்டு ஓட்டினோம். இப்போது எல்லாக் கோப்புகளும் பள்ளியின் பெயரிலுள்ள மின்னஞ்சல் கணக்கில் இருக்கின்றன. ஆண்டுக் கூட்டம் முடிந்ததும் பழைய செயலாளர் புதியவரிடம் அலமாரிச் சாவியோடு அதன் கடவுச்சொல்லையும் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறார்.