எக்செல் கோப்பிலிருந்து வெறும் மதிப்புகளை மட்டும் எடுப்பது

சம்பளக் கணக்குக்கான எக்செல் ஷீட் மனிதக் கண்ணுக்காக எழுதப்படுகிறது. ஒரே சம்பளம் பெறும் மூவருக்கு அந்தத் தொகையை ஒருமுறை மட்டும் எழுதி, மூன்று செல்களையும் இணைத்து விடுகிறார்கள். வேலையை விட்டுப் போனவரின் வரிசையை அழிக்காமல் மறைத்து வைக்கிறார்கள். பிடித்தத் தொகைகளை ஃபார்முலாக்கள் கணக்கிடுகின்றன. பார்ப்பவருக்கு எல்லாம் தெளிவாக இருக்கும். அதே ஷீட்டை வேறொரு கணினி அமைப்பு படிக்க வேண்டி வரும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. அந்த அமைப்புக்கு ஃபார்முலா, மறைப்பு, இணைப்பு எதுவும் தெரியாது. ஒரு வரிக்கு ஓர் ஆள், ஒவ்வொரு இடத்திலும் ஒரு மதிப்பு என்பது மட்டுமே அதற்குப் புரியும்.

தொழிலாளர் வருங்கால வைப்பு நிதிக்கு நிறுவனங்கள் மாதந்தோறும் பதிவேற்றும் ஈ.சி.ஆர். கோப்பு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பல ஆண்டுகளாக வழக்கில் உள்ள அமைப்பின்படி அது ஒரு சாதாரண டெக்ஸ்ட் கோப்பு. ஒவ்வொரு வரியிலும் பதினொரு விவரங்கள் இருக்கும்: 12 இலக்க யு.ஏ.என்., பெயர், மொத்தச் சம்பளம், பி.எஃப். சம்பளம், ஓய்வூதியச் சம்பளம், காப்பீட்டுச் சம்பளம், தொழிலாளியின் பங்கு, ஓய்வூதியப் பங்கு, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், சம்பளமில்லாத நாட்கள், திரும்பச் செலுத்திய முன்பணம். விவரங்களுக்கு நடுவே `#~#` என்ற பிரிப்புக்குறி வரும். தொகைகள் பைசா இல்லாமல் முழு ரூபாயில் இருக்க வேண்டும்.

ஒரு சிறு தையல் நிறுவனத்தின் ஷீட்டில் A முதல் K வரையுள்ள நிரல்கள் இதே வரிசையில் இருப்பதாகக் கொள்ளலாம். தொழிலாளர்கள் 8 முதல் 37 வரையிலான வரிசைகளில் இருக்கிறார்கள். 8, 9, 10 வரிசைகளில் உள்ள மூவருக்கும் சம்பளம் 12,720 ரூபாய். C8 முதல் C10 வரை இணைக்கப்பட்டு, அந்தத் தொகை ஒருமுறை மட்டும் தெரிகிறது. மூவரின் பி.எஃப். சம்பளத்துக்கும் D நிரலில் `=C$8` என்ற ஃபார்முலா உள்ளது. 8ஆம் வரிசையில் இருப்பவர் வேலையை விட்டுப் போய்விட்டார். அந்த வரிசை மறைக்கப்பட்டிருக்கிறது.

இணைத்த செல்லில் மதிப்பு இருப்பது மேல் மூலையில், அதாவது C8-ல் மட்டுமே. C9, C10 இரண்டும் காலி. திரையில் மூவருக்கும் பொதுவாகத் தெரியும் 12,720, உண்மையில் போய்விட்டவரின் மறைந்த வரிசையில்தான் இருக்கிறது. இப்படியே எடுத்தால் வேலையில் இருக்கும் இருவரும் மொத்தச் சம்பளம் இல்லாமல் கோப்பில் ஏறுவார்கள். தேவையில்லாத வரிசைதானே என்று 8ஐ முதலிலேயே அழித்தால், அதைச் சுட்டியிருந்த D9, D10 இரண்டிலும் `#REF!` வந்துவிடும். இதனால்தான் இந்த வேலையில் எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்பது மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமாகிறது.

மூலக் கோப்பைத் தொடக்கூடாது. அதன் நகல் ஒன்றில் வேலை செய்ய வேண்டும். அதில் முதல் வேலை, எந்த வரிசைகள் மறைந்திருந்தன என்பதைப் பதிவு செய்வது. மறைப்பு என்பது ஷீட்டின் தோற்றம் மட்டுமே. மதிப்புகளை வேறிடத்தில் ஒட்டியதும் அது காணாமல் போய்விடும். கையால் மறைத்த வரிசைகள் நகலெடுக்கும்போது சத்தமில்லாமல் கூடவே வரும். ஃபில்டர் போட்டு மறைத்தவை வராது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருப்பதால் பலர் இங்கே ஏமாறுகிறார்கள். L நிரலில் L8 முதல் L37 வரை தேர்ந்தெடுத்து Alt + ; அழுத்தினால் கண்ணுக்குத் தெரியும் செல்கள் மட்டும் தேர்வாகும். Y என்று தட்டி Ctrl + Enter கொடுத்தால் அவற்றில் மட்டும் Y விழும். தெரியும் வரிசைகளின் கூட்டுத்தொகையையும் இப்போதே குறித்துக்கொள்ள வேண்டும். கையால் மறைத்த வரிசைகளை SUM விட்டுவிடாது, SUBTOTAL-இன் 9 என்ற எண்ணும் விடாது. 109 என்ற எண்தான் அவற்றை ஒதுக்கும்:

```
=SUBTOTAL(109,G8:G37)
```

இதன் பிறகு மறைந்தவை எல்லாவற்றையும் வெளியே கொண்டுவர வேண்டும். Y விழாத ஒவ்வொரு வரிசையையும் பொறுப்பானவர் ஒருமுறை பார்ப்பது நல்லது. வேலையை விட்டவர் போக, அந்த மாதம் முழுவதும் சம்பளமில்லா விடுப்பில் இருந்தவரும் மறைக்கப்பட்டிருக்கலாம். அவர் இன்னும் உறுப்பினர்தான். அவர் வரிசைக்கு Y போட வேண்டும். நடுவில் பிரிவுவாரியான கூட்டுத்தொகை வரிசை இருந்தால் அதன் Y-யை எடுத்துவிட்டு, குறித்துவைத்த தொகையிலும் அதைக் கழித்துவிட வேண்டும். மறைந்திருந்த வரிசை எதற்காவது Y போட்டால், அதன் தொகையையும் அதேபோலச் சேர்க்க வேண்டும்.

இப்போது இணைப்பைப் பிரிக்கலாம். C நிரலைத் தேர்ந்தெடுத்து Merge & Center பட்டியலில் Unmerge Cells கொடுத்தால் 12,720 C8-ல் நின்றுவிடும், C9, C10 காலியாகத் தெரியும். அந்த நிரலின் தொழிலாளர் பகுதியைத் தேர்ந்தெடுத்து, Ctrl + G, Special, Blanks என்று போனால் காலி செல்கள் மட்டும் தேர்வாகும். சமக்குறி தட்டி, மேல் அம்புக்குறியை ஒருமுறை அழுத்தி, Ctrl + Enter கொடுத்தால் ஒவ்வொரு காலி செல்லும் தனக்கு மேலுள்ளதை எடுத்துக்கொள்ளும். மறைந்த வரிசைகளை முன்பே வெளியே கொண்டுவந்ததன் பயன் இங்கே தெரியும். 8ஆம் வரிசை மறைந்தே இருந்தால் மேல் அம்புக்குறி அதைத் தாண்டி C7-க்குப் போய்விடும். 9ஆம் வரிசையில் இருப்பவருக்குச் சம்பளத்துக்குப் பதிலாகத் தலைப்பு வந்து விழும்.

இந்த நிரப்பலை இணைப்பு இருந்த நிரலில் மட்டுமே செய்ய வேண்டும். சம்பளமில்லாத நாட்களுக்கான J நிரலில் காலி என்றால் பூஜ்யம் என்று பொருள். அங்கே இதைச் செய்தால், மேலே இருப்பவர் வராத மூன்று நாட்கள், ஒருநாளும் தவறாமல் வந்தவரின் கணக்கிலும் ஏறிவிடும். அந்த நிரலில் காலி செல்களைத் தேர்ந்தெடுத்து 0 போட்டு Ctrl + Enter கொடுப்பதே சரி.

அடுத்தது ரூபாய்க்கு முழுமையாக்குவது. செல்லில் தெரியும் எண்ணும் உள்ளே இருக்கும் எண்ணும் ஒன்றல்ல. 12,720 ரூபாயில் 12 சதவீதம் 1,526.40. ஓய்வூதியத்துக்கான 8.33 சதவீதம் 1,059.576. வித்தியாசம் 466.824. தசமங்களை மறைத்த ஷீட்டில் இவை 1,526, 1,060, 467 என்று தெரியும். ஆனால் 1,526-இல் 1,060 போனால் 466தான். வெறும் மதிப்பாக ஒட்டினால் தசமங்கள் முழுமையாக வந்து சேரும். தெரிவதை மட்டும் எடுத்தால் ஒரு ரூபாய் இடிக்கும். ஆகவே ஃபார்முலாவிலேயே முழுமையாக்கி, முழுமையாக்கியவற்றிலிருந்து வித்தியாசம் எடுக்க வேண்டும்:

```
G9:  =ROUND(D9*12%,0)
H9:  =ROUND(E9*8.33%,0)
I9:  =G9-H9
```

இந்த மாற்றத்துக்குப் பிறகு தொகைகள் ஓரிரு ரூபாய் நகரலாம். எனவே, குறித்துவைத்த தொகையை L நிரலில் Y உள்ள வரிசைகளுக்கு மறுபடியும் எடுத்துக்கொள்ள வேண்டும். `=SUMIF(L8:L37,"Y",G8:G37)` அதைத் தரும். பழைய தொகைக்கும் இதற்கும் சில ரூபாய்க்கு மேல் வேறுபாடு வந்தால் அது முழுமையாக்கலால் வந்ததல்ல, வேறு தவறு நடந்திருக்கிறது.

கணக்கீடு Manual நிலையில் இருந்தால் ஃபார்முலாக்கள் பழைய விடையையே காட்டிக்கொண்டிருக்கும். F9 அழுத்திவிட்டுத்தான் அடுத்த படிக்குப் போக வேண்டும். பிறகு A முதல் L வரை தேர்ந்தெடுத்து நகலெடுத்து, புதிய ஷீட் ஒன்றில் Paste Special வழியாக Values மட்டும் ஒட்ட வேண்டும். ஃபார்முலாவும் இணைப்பும் அலங்காரமும் பின்தங்கிவிடும். தலைப்புகளையும் Y இல்லாத வரிசைகளையும் அழிக்க வேண்டிய இடம் இதுதான். சுட்டுவதற்கு இனி ஃபார்முலா எதுவும் இல்லாததால், எந்த வரிசையை அழித்தாலும் `#REF!` வராது.

புதிய ஷீட்டில் யு.ஏ.என். `1.00123E+11` என்பதுபோலக் காட்சி தரும். General வடிவத்தில் 12 இலக்க எண்ணை எக்செல் இப்படித்தான் காட்டும். எண் உள்ளே பத்திரமாகவே இருக்கிறது. ஆனால் இந்த நிலையில் CSV-ஆகச் சேமித்தால் ஆபத்து, ஏனென்றால் எக்செல் CSV-இல் எழுதுவது செல்லில் தெரியும் வடிவத்தை. கடைசி ஆறு இலக்கங்கள் போனது போனதுதான், அவற்றை மீட்க முடியாது. நிரலின் வடிவத்தை தசமம் இல்லாத Number-ஆக மாற்றினால் முழு எண்ணும் தெரியும்.

ஈ.சி.ஆருக்கு CSV தேவையில்லை. வரியை ஃபார்முலாவாலேயே கட்டலாம். எக்செல் 2019 முதல் TEXTJOIN உள்ளது. நடுவில் வரும் FALSE, காலி இடங்களைத் தாண்டிப் போகாதே என்று சொல்கிறது. அதை TRUE ஆக்கினால் ஒரு காலி இடம் இருந்தாலும் அதற்கடுத்த விவரங்கள் எல்லாம் ஓரிடம் முன்னே நகர்ந்துவிடும்.

```
=TEXTJOIN("#~#",FALSE,A1:K1)
```

மாதிரி எண், மாதிரிப் பெயரோடு ஒரு வரி இப்படி அமையும்:

```
100123456789#~#MEMBER NAME#~#12720#~#12720#~#12720#~#12720#~#1526#~#1060#~#466#~#0#~#0
```

இந்த நிரலை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டி .txt கோப்பாகச் சேமிக்க வேண்டும். சரிபார்ப்பதும் நோட்பேடிலேயே நடக்கட்டும்; எக்செலில் திறந்தால் அது மறுபடியும் எண்களுக்குத் தன் வடிவத்தைப் பூசிக் காட்டும். `E+` என்று தேடி எதுவும் அகப்படக் கூடாது. `#~##~#` என்று தேடி ஏதாவது அகப்பட்டால் ஒரு விவரம் காலியாக இருக்கிறது என்று பொருள். `#N/A`, `#REF!` இரண்டையும் தேட வேண்டும். பெயர் செல்லில் யாராவது Alt + Enter போட்டிருந்தால் அந்த ஆளின் வரி இரண்டாக உடைந்திருக்கும். வரிகளின் எண்ணிக்கை Y-களின் எண்ணிக்கையோடு ஒத்துப்போகாததை வைத்து அதைக் கண்டுபிடிக்கலாம்.

புதிய ஷீட்டில் G நிரலின் கூட்டுத்தொகை, மூலத்தில் கடைசியாக எடுத்த தொகையோடு ரூபாய் பிசகாமல் பொருந்த வேண்டும். H, I நிரல்களையும் அப்படியே பார்த்துவிடுவது நல்லது. பதிவேற்றிய பிறகு இணையதளம் காட்டும் மொத்தத்தையும் இதே தொகைகளோடு ஒப்பிட்ட பின்னரே ஒப்புதல் தர வேண்டும். வேலையை விட்டுப் போனவரின் வரி வடிவத்தில் பிழையில்லாமல் இருந்தால், அந்த வரி அங்கே இருக்கக் கூடாது என்பதை வடிவச் சோதனை கண்டுபிடிக்காது. அதைப் பிடிக்கக்கூடியவை, ஷீட்டை எழுதியவர்கள் கையில் இருக்கும் இந்த எண்ணிக்கையும் கூட்டுத்தொகையும் மட்டுமே.