காதில் விழும் ஸ்கிரிப்ட்

தொலைபேசி நிறுவனங்களின் வாடிக்கையாளர் சேவை மையத்தில் ஊழியரின் கணினித் திரையில் ஒரு ஸ்கிரிப்ட் இருக்கும். வணக்கம் சொல்வது, எண்ணைச் சரிபார்ப்பது, குறையைக் கேட்பது, வருத்தம் தெரிவிப்பது, காத்திருக்கச் சொல்வது, தீர்வைச் சொல்வது, நன்றி கூறி முடிப்பது என்று அதில் ஒரு வரிசை உண்டு. வரிசையில் பெரிய பிழை இல்லை. ஆனால் அழைப்பவர் என்ன சொன்னாலும் அடுத்த வரி மாறாமல் வருவதால், எதிர்முனையில் இருப்பவர் வாசிக்கிறார் என்பது உடனே தெரிந்துவிடுகிறது.

ஓர் எடுத்துக்காட்டு. ஒரு பெண் அழைத்து, "நேத்து 100 ரூபாய்க்கு டாப்-அப் போட்டேன். இன்னைக்குக் காலையில காலர் ட்யூன்னு 36 ரூபா எடுத்துட்டாங்க. நான் எதையுமே கேக்கல" என்கிறார். பழைய ஸ்கிரிப்டின்படி ஊழியர் சொல்லும் பதில்: "தங்களுக்கு ஏற்பட்ட அசௌகரியத்திற்கு வருந்துகிறோம். தங்களது பத்து இலக்க மொபைல் எண்ணைக் கூறவும்."

இந்த இரண்டு வாக்கியங்களில் மூன்று குறைகள் இருக்கின்றன. அந்தப் பெண் சொன்ன எதுவும் பதிலில் இல்லை. அதே எண்ணிலிருந்து அழைத்திருந்தால் எண் ஏற்கெனவே திரையில் இருக்கும்; மறுபடி கேட்பது வீண். மேலும் அவர் பேச்சுத் தமிழில் கேட்க, எழுத்துத் தமிழில் பதில் வருகிறது. "கூறவும்" என்று முடிகிற வாக்கியத்தை எவ்வளவு கனிவாகச் சொன்னாலும் அறிவிப்புப் பலகையைப் படிப்பதுபோலத்தான் ஒலிக்கும்.

ஸ்கிரிப்டைத் திருத்தும் முதல் படி, சொல் மாறாமல் சொல்லியாக வேண்டிய வரிகளைப் பிரித்தெடுப்பது. அவை சிலவே. இந்தியாவில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2012ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, பதிவாகும் ஒவ்வொரு புகாருக்கும் டாக்கெட் எண் தர வேண்டும். கட்டணம், கெடு நாள் போன்றவற்றிலும் தோராயம் கூடாது. இவை எழுதியபடியே இருக்கட்டும். மற்ற இடங்களில் முழு வாக்கியத்தை எடுத்துவிட்டு, அங்கே ஊழியர் செய்ய வேண்டியதை மட்டும் குறித்தால் போதும்: "சொன்னதைச் சுருக்கித் திருப்பிச் சொல், சரியா என்று கேள்."

அப்போது அதே அழைப்பு இப்படி நடக்கும். "சரிங்க மேடம், நேத்து போட்ட டாப்-அப்லேர்ந்து 36 ரூபா காலர் ட்யூனுக்குப் போயிருக்கு, நீங்க அதைக் கேக்கல. இப்ப பேசுற இந்த நம்பர்லதானே?" வருத்தம் சொல்வது இதற்குப் பிறகு. குறை புரிந்தது என்று காட்டாமல் சொல்லும் மன்னிப்பு எந்த அழைப்புக்கும் பொருந்தும். அதனாலேயே யாருக்கும் ஆறுதல் தராது.

அடுத்தது கேள்விகளின் வரிசை. டிராய் 2013இல் பிறப்பித்த உத்தரவின்படி, இத்தகைய கூடுதல் சேவையைத் தொடங்க வாடிக்கையாளரிடம் இரண்டாவது முறையும் ஒப்புதல் பெற வேண்டும். எனவே அந்த ஒப்புதல் எப்போது, எப்படிப் பதிவானது என்று ஊழியர் பார்க்க வேண்டும். ஆனால் "நீங்க மெசேஜுக்கு பதில் அனுப்பினீங்களா?" என்று எடுத்த எடுப்பில் கேட்டால் அது குற்றச்சாட்டாக விழும். "முதல்ல இதை நிறுத்திடுறேன், இனிமே காசு போகாது. அப்புறம் எப்படி ஆன் ஆச்சுன்னு பார்க்கலாம்" என்று தொடங்கினால், அதே கேள்வி விசாரணையாகத் தோன்றாது.

தேடும் நேரத்தில் வரும் மௌனத்துக்கும் ஸ்கிரிப்டில் இடம் வேண்டும். "இணைப்பில் காத்திருக்கவும்" என்பதற்குப் பதிலாக, "எத்தனை மணிக்கு ஆன் ஆச்சுன்னு பார்த்துட்டிருக்கேன், ஒரு நிமிஷம் ஆகும்" என்று சொன்னால், இணைப்பு அறுந்துவிட்டதோ என்ற சந்தேகம் வராது.

ஸ்கிரிப்ட் மாறினாலும் மதிப்பெண் தாள் மாறாவிட்டால் பயன் இல்லை. அழைப்புப் பதிவுகளைக் கேட்கும் தரப் பரிசோதகர், வாடிக்கையாளரின் பெயரை மூன்று முறை சொன்னாரா, வருத்த வரி வந்ததா என்றே தொடர்ந்து எண்ணினால், ஊழியர்கள் ஒரு வாரத்தில் பழைய வாசிப்புக்குத் திரும்பிவிடுவார்கள். பரிசோதகர் கேட்க வேண்டியவை வேறு. குறையைக் கேட்டபின் ஊழியர் பேசிய முதல் வாக்கியத்தில் வாடிக்கையாளர் தந்த விவரம் ஒன்றாவது இருந்ததா? வாடிக்கையாளர் ஒரே செய்தியை இரண்டாம் முறை சொல்ல நேர்ந்ததா? சராசரி அழைப்பு நேரத்துக்கு மிக இறுக்கமான வரம்பு இருந்தால், முதலில் கைவிடப்படுவது இந்தச் சுருக்கித் திருப்பிச் சொல்லும் வாக்கியம்தான்.

இந்தத் திருத்தத்துக்கும் எல்லை உண்டு. தவறாகப் போன 36 ரூபாயைத் திருப்பித் தரும் அதிகாரம் ஊழியருக்கு இல்லையென்றால், எவ்வளவு கவனமான பேச்சும் அழைப்பவரின் கோபத்தைச் சிறிது நேரம் தள்ளிப்போடுமே தவிர, குறையைத் தீர்க்காது. அதனால் எந்தத் தொகை வரை ஊழியரே திருப்பித் தரலாம், அதற்கு மேல் யாரிடம் அனுப்ப வேண்டும், பதில் எந்த நாளுக்குள் வரும் என்ற மூன்றும் திருத்திய ஸ்கிரிப்டிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும்.