அரை கிலோமீட்டர் தள்ளிப்போகும் மண் மாதிரி

2015-இல் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டத்தில், பாசன நிலமாக இருந்தால் இரண்டரை ஹெக்டேருக்கு ஒன்று, மானாவாரியாக இருந்தால் பத்து ஹெக்டேருக்கு ஒன்று என்ற கணக்கில் மண் மாதிரி எடுக்கச் சொன்னார்கள். வயலில் நாலைந்து இடங்களில் 'வி' வடிவத்தில் குழி வெட்டி, மண்ணைச் சுரண்டிக் கலந்து, அரைக் கிலோவைப் பையில் கட்டும்போதே கையடக்க ஜிபிஎஸ் கருவி காட்டும் எண்களையும் எழுதிக்கொள்ள வேண்டும். தழை, மணி, சாம்பல் சத்துகளின் அளவு ஆய்வகத்திலிருந்து வந்ததும், வரைபடத்தில் அதை எங்கே வைப்பது என்று சொல்பவை அந்த எண்கள்தான்.

கருவி பல வடிவங்களில் எண்ணைக் காட்டும் என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. திருவையாறு வட்டாரத்தில் ஒரு வயல் என்று வைத்துக்கொள்வோம். கருவியில் இப்படித் தெரிகிறது: `N 10°53'24.6"  E 079°06'18.9"`. டிகிரி, நிமிடம், விநாடி என்ற பழைய முறை இது. ஒரு டிகிரிக்கு 60 நிமிடம், ஒரு நிமிடத்துக்கு 60 விநாடி. வரைபட மென்பொருளில் புள்ளிகளைப் பட்டியலாக ஏற்றும்போதோ, டிகிரியை மட்டும் தசமத்தில் கொடுப்பதே வழக்கம். எனவே நிமிடத்தை 60-ஆலும் விநாடியை 3600-ஆலும் வகுத்து டிகிரியோடு கூட்ட வேண்டும்.

அட்சரேகையை முதலில் பார்ப்போம். 53-ஐ 60-ஆல் வகுத்தால் 0.883333. 24.6-ஐ 3600-ஆல் வகுத்தால் 0.006833. பத்தோடு இரண்டையும் கூட்டினால் 10.890167. தீர்க்கரேகையில் 6-ஐ 60-ஆல் வகுக்க 0.1, 18.9-ஐ 3600-ஆல் வகுக்க 0.00525, ஆக 79.10525. எக்செல்லில் டிகிரி, நிமிடம், விநாடி மூன்றையும் தனித்தனிக் கட்டத்தில் வைத்தால் ஒரே சூத்திரம் போதும்:

```
=A2+B2/60+C2/3600
```

கையால் போடுகிறவர்கள் இடையில் எண்ணைக் குறுக்கிவிடக் கூடாது. 0.883333-ஐ 0.88 என்று எழுதினால் அந்த இடத்திலேயே ஏறக்குறைய 370 மீட்டர் போய்விடுகிறது. கடைசி விடையில் தசமத்துக்குப் பின் ஐந்து இலக்கம் இருந்தால் போதுமானது. ஐந்தாவது இலக்கத்தில் ஒன்று கூடினாலும் குறைந்தாலும் தரையில் ஒரு மீட்டர்தான் வித்தியாசம். திறந்த வெளியில் கையடக்கக் கருவியே மூன்று முதல் ஐந்து மீட்டர் வரை முன்பின்னாகக் காட்டும் என்பதால், அதற்கு மேல் இலக்கம் சேர்ப்பதால் துல்லியம் கூடிவிடாது.

இவ்வளவு எளிய கணக்கை விட்டுவிட்டு, குறிகளை மட்டும் நீக்கி 10.53246, 79.06189 என்று தட்டச்சு செய்துவிடுவது அடிக்கடி நடக்கிறது. அப்போது புள்ளி தெற்கே 39 கிலோமீட்டருக்கு மேல் நகர்ந்து, புதுக்கோட்டை மாவட்டத்தில் கந்தர்வகோட்டைக்கும் கறம்பக்குடிக்கும் நடுவில் போய் விழும். காவிரியின் வண்டல் மண்ணைச் சோதித்த முடிவு செம்மண் காட்டில் கிடக்கும். 06 நிமிடத்தின் பூஜ்யத்தையும் விட்டுவிட்டு 79.6189 என்று அடித்தால் புள்ளி கிழக்கே பாய்ந்து திருத்துறைப்பூண்டி அருகே நிற்கும். இரண்டு எண்ணையும் இடம் மாற்றிப் போட்டால் வட துருவத்துக்குப் பக்கத்தில் ஸ்வால்பார்ட் தீவுகளுக்கே போய்விடும். மென்பொருள் கேட்கும் `X` தீர்க்கரேகை, `Y` அட்சரேகை. நாமோ அட்சரேகையை முதலில் சொல்லிப் பழகியவர்கள்.

இந்தப் பிழைகளைக் கண்டு நான் அவ்வளவாகக் கவலைப்படுவதில்லை. வரைபடத்தைத் திறந்ததுமே புள்ளி ஊரில் இல்லை என்று தெரிந்துவிடும், திருத்திவிடலாம். ஊருக்குள்ளேயே இடம் மாறி நிற்கும் புள்ளிதான் ஆபத்து.

அது வருவது மூன்றாவது வடிவத்தால். கார்மின் கருவிகள் பலவற்றில், அமைப்பை மாற்றாமல் விட்டால், விநாடி என்பதே திரையில் வராது. நிமிடத்தையே தசமத்தில் காட்டும். அதே வயலில் நின்றால் `N 10°53.410'  E 079°06.315'` என்று தெரியும். இதில் 410 என்பது ஒரு நிமிடத்தில் ஆயிரத்தில் 410 பங்கு, விநாடியாக்கினால் 24.6. ஆனால் பதிவேட்டிலோ டிகிரி, நிமிடம், விநாடி என்று மூன்று கட்டங்கள் அச்சிட்டிருக்கும். எழுதுகிறவர் கட்டத்தை நிரப்ப வேண்டுமே என்று 53 நிமிடம், 41.0 விநாடி என்று எழுதுகிறார். தீர்க்கரேகையில் 6 நிமிடம், 31.5 விநாடி. பார்வைக்கு ஒரு குறையும் தெரியாது. சூத்திரமும் ஒழுங்காக ஓடி விடை தரும்.

அட்சரேகையில் ஒரு விநாடி என்பது தரையில் சுமார் 31 மீட்டர். இங்கே 16.4 விநாடி கூடியிருப்பதால் புள்ளி வடக்கே 500 மீட்டர் தள்ளிப்போகிறது. கிழக்கே 380 மீட்டர். இரண்டரை ஹெக்டேர் கட்டம் ஒன்றின் பக்கம் 158 மீட்டர்தான். அப்படியானால் மாதிரி வடக்கே மூன்று கட்டம், கிழக்கே இரண்டு கட்டம் தாண்டி வேறொருவர் வயலில் உட்கார்ந்துவிட்டது. அதுவும் அதே ஊர், அதே நெல் வயல்தான் என்பதால் வரைபடத்தைப் பார்ப்பவருக்குச் சந்தேகமே எழாது. அந்தப் புள்ளியை வைத்து உரப் பரிந்துரை எழுதினால், சாம்பல் சத்து குறைந்த வயலுக்குப் பொட்டாஷ் போடாமலும், போதுமான அளவு இருக்கும் வயலுக்குக் கூடுதலாகவும் போட நேரும்.

ஆனாலும் இந்தப் பிழைக்கு ஓர் அடையாளம் உண்டு. உண்மையான விநாடி 59.9-ஐத் தாண்டவே முடியாது. நிமிடத்தின் தசமப் பகுதியோ 999 வரை போகும். ஆகவே பதிவேட்டின் விநாடிக் கட்டத்தில் 71.5 அல்லது 88.2 என்று ஓரிடத்தில் இருந்தாலும், அந்தக் கருவியில் எடுத்த பட்டியல் முழுவதும் நிமிடத் தசமத்தில் எழுதப்பட்டது என்று முடிவு செய்யலாம். ஒரே ஓர் எண்ணை மட்டும் 'எழுத்துப் பிழை' என்று திருத்திவிட்டு நகர்வதுதான் பெரிய தவறு. 60-க்குக் குறைவாகத் தோன்றும் மற்ற எண்களும் அதே அளவுக்குத் தவறானவை. மொத்தப் பட்டியலையும் 53.410-ஐ 60-ஆல் வகுப்பதுபோல் மறுபடி கணக்கிட வேண்டும். அப்போது அதே 10.890167 கிடைக்கும்.

இதே தர்க்கம் தலைகீழாகவும் உதவும். தசம டிகிரி என்று சொல்லித் தரப்படும் ஓர் ஊரின் பட்டியலில், தசமத்துக்குப் பின் மூன்றாவது, நான்காவது இலக்கங்கள் சேர்ந்து ஒருமுறைகூட 59-ஐத் தாண்டவில்லை என்றால், அது குறி நீக்கிய நிமிடமும் விநாடியுமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். நாற்பது, ஐம்பது புள்ளிகள் உள்ள பட்டியலில் இதைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம். நாலைந்து புள்ளிகள் மட்டும் இருந்தால் இந்தச் சோதனையை நம்ப முடியாது. அப்போது ஒரு புள்ளியைச் செயற்கைக்கோள் படத்தில் வைத்து, மண் எடுத்த விவசாயியிடமே காட்டிக் கேட்பது நல்லது. தன் வயலின் வரப்பும் பம்புசெட்டும் எங்கே என்று அவருக்குத் தெரியும்.

புதிதாக மாதிரி எடுக்கப் போகிறவர்கள் கிளம்பும் முன்பே கருவியின் அமைப்பில் `Position Format` என்ற இடத்தில் `hddd.ddddd°` என்று மாற்றிக்கொண்டால் இந்தக் கணக்கே தேவையில்லை. ஏற்கெனவே எடுத்துச் சேமித்த புள்ளிகள் கருவியில் இருந்தால் பதிவேட்டைப் பார்த்துத் தட்டச்சு செய்யாதீர்கள். கருவியைக் கணினியில் இணைத்து `GPX` கோப்பை எடுங்கள். திரையில் எந்த வடிவம் தெரிந்தாலும் அந்தக் கோப்பில் எண்கள் தசம டிகிரியில்தான் இருக்கும்.