மாமா கடைக்குப் போன மகள்

தாய்மார்களே, தந்தைமார்களே, இன்று நாம் பேசப் போவது, லயத்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு யாரும் வாய்விட்டுப் பேசாத ஒரு விஷயம். பேசாமல் இருப்பதால்தான் அது வளர்ந்துகொண்டே போகிறது.

கேரி தீவை எடுத்துக்கொள்ளுங்கள். சுற்றிலும் செம்பனைத் தோட்டம். பள்ளிப் படிப்பை முடித்த பெண்ணுக்குத் தோட்டத்தில் தோதான வேலை இல்லை. லங்காட் ஆற்றுப் பாலத்தைத் தாண்டி, தெலுக் பங்லிமா காராங் வழியாகக் கிள்ளானுக்குப் போனால் கடைகள் இருக்கின்றன. அங்கே சொந்தக்காரர் ஒருவருக்கு மளிகைக் கடையோ துணிக்கடையோ இருந்துவிட்டால் அம்மாவுக்கு நிம்மதி. "அந்நியன் கடைக்கா அனுப்புகிறேன்? என் ஒன்றுவிட்ட அண்ணன் கடைக்குத்தானே!" என்று பையைக் கட்டிக் கொடுத்து அனுப்புகிறாள்.

ஒரு பெண்ணை வைத்துக் கணக்குப் பார்ப்போம். இது எந்தக் குடும்பத்தையும் சுட்டிக்காட்டும் கதை அல்ல. விளங்குவதற்காக நாமே அமைத்துக்கொள்ளும் உதாரணம். அவளுக்கு வயது இருபது. மாமா கடையில் மூன்று வருடமாக வேலை. கடைக்கு மேல்மாடியில் தங்கல். மாதம் 900 வெள்ளி கையில். சம்பளச் சீட்டு இல்லை, வேலைக் கடிதம் இல்லை. "குடும்பத்துக்குள்ளே என்ன கடுதாசி?" என்று மாமா சிரித்துவிட்டார்.

கேலிக்கும் தொல்லைக்கும் நடுவே

நம் வழக்கத்தில் மாமன் முறைக்காரருக்குக் கேலி பேச உரிமை உண்டு. கல்யாண வீட்டில், பத்துப் பேர் நடுவில், அத்தையும் கூடச் சிரிக்கும்படி பேசுவது அந்தக் கேலி. தொல்லை கொடுக்கிறவன் ஒளிந்துகொள்வதும் இந்த முறைக்குப் பின்னால்தான். "முறைப் பெண்தானே, விளையாட்டுக்குச் சொன்னேன்" என்பது அவன் கையில் தயாராக இருக்கும் பதில்.

இரண்டையும் பிரித்துப் பார்க்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. அத்தை இருக்கும்போது மாமா பேசாத பேச்சை, அத்தை கோயிலுக்குப் போன பிறகு பேசுகிறாரா? கூட்டத்தில் செய்யாததைச் சரக்கு அறையில் செய்கிறாரா? இராத்திரி கடை சாத்தும் நேரத்தில் மற்ற வேலைக்காரரை முன்னால் அனுப்பிவிட்டு இவளை மட்டும் நிறுத்துகிறாரா? அப்படியானால் அது கேலி அல்ல. கைபடாத வரையில் குற்றமில்லை என்று நினைப்பதும் தவறு. 2022ஆம் ஆண்டின் பாலியல் தொல்லை எதிர்ப்புச் சட்டத்தின்படி சொல்லாலும், சைகையாலும், காட்டும் படத்தாலும், தொடுவதாலும் செய்யும் எதுவும் தொல்லையாகலாம். அந்தப் பெண் விரும்பாததாகவும், நியாயமான எவரும் அவமானமென்று கருதத்தக்கதாகவும் அது இருந்தால் போதும்.

பிள்ளை தானாகச் சொல்லமாட்டாள். வேறு விதமாகக் காட்டுவாள். விடுமுறைக்கு வந்தவள் திரும்பிப் போகும் நாளில் வயிற்று வலி என்பாள். "கிள்ளானில் வேறு வேலை கிடைக்குமா?" என்று காரணம் சொல்லாமல் கேட்பாள். மாமா போன் செய்தால் எடுக்காமல் உங்களிடம் நீட்டுவாள். இவற்றில் எதுவும் சாட்சி ஆகாது. ஆனால் அவளைத் தனியே உட்காரவைத்து, நிதானமாகக் கேட்க இது போதுமான காரணம்.

குடும்பப் பஞ்சாயத்து ஏன் தோற்கிறது?

விஷயம் வெளிவந்ததும் நாம் செய்வது என்ன? பெரியவர்களைக் கூட்டுகிறோம். மாமாவையும் பெண்ணையும் எதிரெதிரே உட்காரவைக்கிறோம். மாமா கற்பூரத்தில் அடித்துச் சத்தியம் செய்கிறார். அத்தை அழுகிறாள். அம்மா இரண்டு வருடத்துக்கு முன் அண்ணனிடம் வாங்கிய கடன் எல்லோருக்கும் நினைவு வருகிறது. கடைசியில் "பெண்ணை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், யாரிடமும் பேச வேண்டாம், நாளை கல்யாணம் ஆகவேண்டிய பிள்ளை" என்று முடிகிறது.

இந்தத் தீர்ப்பில் வேலை போனது யாருக்கு? பெண்ணுக்கு. பாக்கிச் சம்பளம் போனது யாருக்கு? அதுவும் பெண்ணுக்கு. மாமா கல்லாவில் உட்கார்ந்தபடியே இருக்கிறார். அடுத்த மாதம் அதே மேல்மாடிக்கு இன்னொரு சொந்தக்காரப் பெண் வருகிறாள்.

பஞ்சாயத்து தோற்பதற்குக் காரணம் பெரியவர்கள் கெட்டவர்கள் என்பதல்ல. பெரிய கம்பெனியில் புகாரை விசாரிக்கத் தனி அதிகாரி இருப்பார். இங்கே விசாரிக்க வேண்டியவர்கள் எல்லாரும் மாமாவுக்கு ஏதோ ஒரு வகையில் கட்டுப்பட்டவர்கள். ஆகவே குடும்பத்துக்கு வெளியே உள்ள வாசல்களைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

சுவரில் மாட்டிய சான்றிதழைப் பாருங்கள்

முதல் வாசல் தொழிலாளர் இலாகா. ஜாபாத்தான் தெனாகா கெர்ஜா என்று பலகையில் எழுதியிருக்கும். 1955ஆம் ஆண்டின் வேலைச் சட்டத்தில், பாலியல் தொல்லைக்கென்றே ஒரு பகுதி 2012இல் சேர்க்கப்பட்டது. சம்பளம் எவ்வளவாக இருந்தாலும் அது எல்லாத் தொழிலாளருக்கும் பொருந்தும்.

"அவள் என் வேலைக்காரி அல்ல, மருமகள் முறை, உதவிக்கு வந்தாள்" என்று மாமா சொல்வார். சொல்லட்டும். எழுத்து ஒப்பந்தம் இல்லாத இடத்தில் என்ன பார்ப்பது என்பதை 2023 சனவரி முதல் சட்டமே சொல்கிறது. வேலை நேரத்தை யார் தீர்மானிக்கிறார், வேலைக்கான பொருளை யார் கொடுக்கிறார், அவள் வேலை கடைக்கு இன்றியமையாததா, ஒழுங்காகப் பணம் கொடுக்கப்படுகிறதா என்பவை அதில் அடங்கும். இவை பொருந்தினால் அவள் தொழிலாளி என்றே கருதப்படுவாள். இல்லை என்று காட்டவேண்டிய பொறுப்பு மாமாவுடையது.

அடுத்தது முக்கியம். கடைச் சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கும் வியாபாரப் பதிவுச் சான்றிதழைப் பாருங்கள். மாமா ஒருவர் பெயரில் மட்டும் பதிவான கடையானால், அவர்மீது வரும் புகாரை அவரே விசாரிக்க முடியாது. இலாகாவே விசாரிக்க வேண்டும். தொல்லை நிரூபணமானால் பெண் முன்னறிவிப்புக் கொடுக்காமல் வேலையை விட்டு விலகலாம். அறிவிப்புக் காலச் சம்பளமும், வேலை நீக்கத்துக்குரிய பணமும் அவளுக்குச் சேரும்.

நம் பெண்ணின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 2025 ஆகஸ்டு முதல் சிறிய கடைகளுக்கும் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. அவள் வாங்கியது 900. மாதம் 800 வெள்ளி குறைவு. பத்து மாதத்துக்கு 8,000 வெள்ளி. "சாப்பாடு போட்டேன், படுக்க இடம் கொடுத்தேன்" என்று மாமா தம் விருப்பப்படி சம்பளத்தில் கழித்துக்கொள்ள முடியாது. மூன்று வருட வேலைக்கு அறிவிப்புக் காலம் ஆறு வாரம். வேலை நீக்கப் பணம் வருடத்துக்குப் பதினைந்து நாள் சம்பளம் வீதம் 45 நாள். 1,700 வெள்ளிச் சம்பளத்தில் நாளுக்கு ஏறக்குறைய 56 வெள்ளி விழும். 45 நாளுக்குச் சுமார் 2,500 வெள்ளி. வெறுங்கையோடு வீட்டுக்கு அனுப்பப்பட்ட பெண்ணுக்குச் சட்டப்படி இவ்வளவு சேர வேண்டியிருக்கிறது.

ஆனால் சான்றிதழில் "செண்டிரியான் பெர்ஹாட்" என்று இருந்தால் கதை மாறுகிறது. அப்போது முதலாளி என்பது கம்பெனி. விசாரிக்கும்படி இலாகா அந்தக் கம்பெனியையே பணிக்கலாம். கம்பெனியின் டைரக்டர்களோ மாமா, அத்தை, அவர்களின் மகன். விசாரிக்க மறுத்தால் 50,000 வெள்ளி வரை அபராதம் உண்டு என்பது உண்மைதான். என்றாலும் பெயருக்கு விசாரித்து "ஒன்றுமில்லை" என்று எழுதி அனுப்பிவிட அவர்களால் முடியும். இந்தப் பலவீனத்தை அறிந்துகொண்டு இரண்டாவது வாசலுக்குப் போக வேண்டும்.

புத்ராஜெயாவில் உள்ள நடுவர் மன்றம்

பாலியல் தொல்லை எதிர்ப்பு நடுவர் மன்றம் 2024 மார்ச் முதல் புகார்களை ஏற்கிறது. இங்கே முதலாளி, தொழிலாளி என்ற கேள்வியே எழாது. தொல்லை கொடுத்தவர் கடைக்காரராகவும் இருக்கலாம், சம்பளமில்லாமல் கடையில் உட்கார்ந்திருக்கும் மச்சானாகவும் இருக்கலாம். மூன்று உறுப்பினர் விசாரிப்பார்கள். அவர்களில் ஒருவராவது பெண்ணாக இருப்பார். வெளியார் உள்ளே வரமாட்டார்கள். பொதுவாக வக்கீலும் தேவையில்லை. விசாரணை தொடங்கியதிலிருந்து 60 நாளில் முடிவு சொல்ல முயல வேண்டும் என்பது சட்டம். மன்னிப்புக் கேட்கும்படியும், 250,000 வெள்ளி வரை நஷ்டஈடு கொடுக்கும்படியும் மன்றம் கட்டளையிடலாம். கட்டளையை மீறுவது தனிக் குற்றம், சிறைக்கும் இடமுண்டு.

"சாட்சி இல்லையே, யார் நம்புவார்கள்?" என்று கேட்பீர்கள். 2016இல் நம் கூட்டரசு நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கு இதற்குப் பதில் சொல்லும். ஒரு நிறுவன அதிகாரி தம் கீழ் வேலை செய்த பெண்ணிடம் தொடர்ந்து ஆபாசமாகப் பேசினார். நிறுவனத்துக்குள் நடந்த விசாரணையில் போதிய ஆதாரம் இல்லை என்றார்கள். அவரோ அந்தப் பெண்மீதே வழக்குத் தொடுத்தார். பெண் எதிர்வழக்குப் போட்டு வென்றாள். 120,000 வெள்ளி நஷ்டஈடு கிடைத்தது. உள்ளே நடந்த விசாரணை கைவிட்டதால் விஷயம் முடிந்துவிடவில்லை.

போலீசுக்குப் போகவேண்டிய நேரம்

கைவைத்துவிட்டால் அது தொல்லை மட்டுமல்ல, குற்றம். மானபங்கம் செய்யும் நோக்கத்தோடு பலவந்தம் செய்தவருக்குத் தண்டனைச் சட்டத்தின் 354ஆம் பிரிவில் பத்தாண்டு வரை சிறை உண்டு. போலீசில் புகார் செய்யுங்கள். அதைவிட மோசமாக நடந்திருந்தால் குளிக்காமல், உடுத்திய துணியைத் துவைக்காமல், அரசாங்க மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள்.

பெண் பதினெட்டு வயதுக்கு உட்பட்டவளானால் மறைப்பதற்கு நமக்கு உரிமையே கிடையாது. 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி, தெரிந்தும் தகவல் கொடுக்காதவருக்கு 5,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கலாம். குற்றவாளி பொறுப்பான உறவினரானால் அவர் தண்டனை குறையாது, கூடும்.

பள்ளிக்கூட நோட்டு ஒன்று

எந்த வாசலுக்குப் போனாலும் கையில் ஏதாவது இருக்க வேண்டும். ஒரு சாதாரண நோட்டில் தேதி, நேரம், இடம், சொன்ன வார்த்தை, பக்கத்தில் யார் இருந்தார், அன்று யாரிடம் சொன்னாள் என்பதை அன்றன்றே எழுதச் சொல்லுங்கள். வார்த்தை அசிங்கமாக இருந்தாலும் மாற்றி எழுத வேண்டாம். போனில் வந்த செய்திகளை அழிக்காமல், இன்னொருவர் போனுக்கும் அனுப்பிவைக்கட்டும். சம்பளம் வாங்கிய நாளையும் தொகையையும் அதே நோட்டில் குறிக்கட்டும். நோட்டு கடை மேல்மாடியில் இருக்கக் கூடாது. உங்கள் வீட்டில் இருக்கட்டும்.

எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் 15999 என்ற தாலியான் காசே எண்ணுக்கு எந்த நேரத்திலும் போன் செய்யலாம்.

தாய்மார்களே, அண்ணன் உறவு உங்களுக்கு அருமையானதுதான். ஆனால் மகள் வாய் திறக்கும் அந்த முதல் நிமிடத்தில் "மாமா அப்படிப்பட்டவர் இல்லையே" என்று சொல்லிவிட்டால் அவள் மறுபடி வாய் திறக்கமாட்டாள். "நீ சொல்லு, நான் கேட்கிறேன்" என்று மட்டும் சொல்லுங்கள். அவளைக் கடைக்குத் திருப்பி அனுப்பும் பேச்சை அதற்குப் பிறகு யார் எடுத்தாலும் நிறுத்துங்கள்.